80 சதவீதம் எங்கே போனது?

2016ஆம் ஆண்டு நீட் தேர்வின் இயற்பியல் பகுதியில் ஒரு சின்னப் படம் வந்தது. ஒரு பேட்டரி, இரண்டு நிலைகள் உள்ள ஒரு சுவிட்ச், இரண்டு மின்தேக்கிகள். சுவிட்ச் முதல் நிலையில் இருக்கும்போது 2 மைக்ரோஃபாரட் மின்தேக்கி பேட்டரியிலிருந்து மின்னேற்றம் பெறும். இரண்டாம் நிலைக்குத் தள்ளினால் பேட்டரி கழன்றுவிடும். மின்னேறிய அந்த மின்தேக்கி, காலியாக இருக்கும் 8 மைக்ரோஃபாரட் மின்தேக்கியோடு இணையும். சேமித்த ஆற்றலில் எத்தனை சதவீதம் இழப்பாகும் என்பது கேள்வி. கொடுத்திருந்த விடைகள் நான்கு: 0, 20, 75, 80.

பேட்டரி எத்தனை வோல்ட் என்று சொல்லவில்லை. V என்ற எழுத்து மட்டும்தான். அது தேவையும் இல்லை. சதவீதம் கேட்கும்போது வோல்ட் எத்தனையாக இருந்தாலும் விடை மாறாது. ஆகவே நமக்கு வசதியாக 10 வோல்ட் என்று வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

மின்தேக்கியில் ஏறும் மின்னூட்டம் Q = CV. 2 மைக்ரோஃபாரட்டை 10 வோல்ட்டால் பெருக்கினால் 20 மைக்ரோகூலும். சேமித்த ஆற்றல் ½CV². அதாவது 2இல் பாதி 1, அதை 100ஆல் பெருக்கினால் 100 மைக்ரோஜூல். சுவிட்சைத் தள்ளிய பிறகு அந்த 20 மைக்ரோகூலும் போய்ச் சேர வேறு இடமில்லை. இரண்டு மின்தேக்கிகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியதுதான். இரண்டின் மின்னழுத்தமும் சமமாகும்வரை மின்னூட்டம் நகரும். மொத்தத் திறன் 10 மைக்ரோஃபாரட், மின்னூட்டம் 20 என்பதால் மின்னழுத்தம் 2 வோல்ட்டில் வந்து நிற்கும். இப்போதைய ஆற்றல்: 10இல் பாதி 5, அதை 4ஆல் பெருக்கினால் 20 மைக்ரோஜூல். நூறு இருந்த இடத்தில் இருபது. எண்பது சதவீதம் காணோம்.

சரியான விடை 80 என்பது இங்கே முடிந்துவிட்டது. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது மீதி மூன்று எண்களும் எங்கிருந்து வந்தன என்பது. இவை மனம்போன போக்கில் போட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவற்றைச் செய்தால் ஒழுங்காகக் கிடைக்கிற விடை.

20ஐத் தேர்ந்தெடுப்பவர் கணக்கு முழுவதையும் சரியாகச் செய்தவர். மிச்சம் இருப்பதைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிட்டார், கேட்டது இழப்பு. 0ஐத் தேர்ந்தெடுப்பவர் ஆற்றல் அழியாது என்ற விதியை நம்பியவர். விதி சரிதான், ஆனால் ஆற்றல் மின்தேக்கிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அந்த விதி எங்கும் சொல்லவில்லை. 75க்கு வழி வேறு. 2க்கும் 8க்கும் உள்ள விகிதம் கால் பங்கு, ஆகவே கால் பங்கு மிச்சம், முக்கால் பங்கு இழப்பு என்று அவசரமாக முடிவுகட்டினால் 75 வரும். 2ஐ 8ஆல் வகுக்காமல், இரண்டையும் கூட்டி வரும் 10ஆல் வகுத்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசித் தவறைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. இரண்டு மின்தேக்கிகளும் சமமாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். அவசர வழியில் போனால் விகிதம் ஒன்று, இழப்பு சுழியம் என்று வரும். உண்மையில் மின்னூட்டம் ஆளுக்குப் பாதி, மின்னழுத்தமும் பாதி. ஒவ்வொன்றிலும் ஆற்றல் கால் பங்கு, இரண்டையும் சேர்த்தால் பாதி. இழப்பு 50 சதவீதம். ஆக, அவசர வழி தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும். சரியான வாய்பாடு, இழப்பின் பங்கு C₂/(C₁+C₂). காலி மின்தேக்கி மிகச் சிறியதாக இருந்தால் இழப்பு ஏறக்குறைய இல்லை, மிகப் பெரியதாக இருந்தால் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். இரண்டும் நம் எதிர்பார்ப்போடு பொருந்துகின்றன.

அந்தச் சமமான மின்தேக்கிகளின் கேள்வி அடுத்த ஆண்டே, 2017 நீட் தேர்வில், படமில்லாமல் வந்தது. மின்னேற்றிய மின்தேக்கியிலிருந்து பேட்டரியை நீக்கிவிட்டு, அதே அளவுள்ள காலி மின்தேக்கியைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்த ஆற்றல் என்ன ஆகும்? நான்கு மடங்காகும், இரண்டு மடங்காகும், மாறாது, பாதியாகும் என்பவை விடைகள். பாதியாகும் என்பது சரி. ‘இரண்டு மடங்கு’ என்ற விடையும் ஒரு கேள்விக்குச் சரியான விடைதான். பேட்டரியை நீக்காமல் இருந்தால் மின்னழுத்தம் V ஆகவே நிற்கும், இரண்டு மின்தேக்கிகளிலும் ½CV² வீதம் சேரும், ஆற்றல் இரட்டிக்கும். கேள்வியில் ‘பேட்டரி நீக்கப்படுகிறது’ என்ற இரண்டு சொற்களைக் கண் தாண்டிப்போனால் அந்த விடை ரொம்ப நியாயமாகத் தெரியும். சரியானால் 4 மதிப்பெண், தவறானால் ஒன்று கழியும் தேர்வில், இரண்டு சொல்லுக்கு 5 மதிப்பெண் வித்தியாசம்.

பேட்டரி இணைந்திருந்தால் V மாறாது, கழற்றிவிட்டால் Q மாறாது. இந்த வகைக் கணக்குகளில் முதலில் தீர்க்க வேண்டியது இதைத்தான். இதைத் தீர்க்காமல் ½CV² என்று எழுதத் தொடங்குபவர்களுக்கு எந்த V என்பது பாதி வழியில் குழம்பிவிடும்.

சரி, அந்த 80 மைக்ரோஜூல் எங்கே போனது? இதைப் புரிந்துகொள்ள இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நினைத்துக்கொள்ளலாம். ஒன்றின் அடிப்பரப்பு 2 சதுர அடி, தண்ணீர் 10 அடி உயரத்துக்கு நிற்கிறது. பக்கத்தில் 8 சதுர அடி அடிப்பரப்புள்ள காலித் தொட்டி, அதே தளத்தில். அடியில் ஒரு குழாயால் இணைத்துத் திறந்துவிட்டால் இரண்டிலும் 2 அடியில் தண்ணீர் சமமாகும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குறையவில்லை. ஆனால் உயரத்தில் இருந்த தண்ணீர் தாழ்ந்துவிட்டது. தாழும்போது வெளிப்பட்ட ஆற்றல் குழாயில் உரசியும் தொட்டியில் சுழன்றும் வெப்பமாகிவிட்டது. அடிப்பரப்பு மின்தேக்குத்திறன், உயரம் மின்னழுத்தம், தண்ணீர் மின்னூட்டம் என்று வைத்தால் எண்கள்கூட அப்படியே பொருந்துகின்றன. வாய்பாட்டில் வரும் அரையும் இங்கேயே விளங்கும். தொட்டித் தண்ணீர் எல்லாமே மேல்மட்டத்தில் இருப்பதில்லை. அடியில் இருப்பதற்கு உயரமே கிடையாது. சராசரி உயரம் பாதி. மின்தேக்கியிலும் முதலில் வந்த மின்னூட்டத்துக்கு எதிர்ப்பே இல்லை, கடைசியில் வந்தது முழு V-ஐ எதிர்த்து ஏறியது. அதனால்தான் QV அல்ல, அதில் பாதி.

மின்தேக்கிகளில் அந்தக் குழாயின் வேலையைச் செய்வது கம்பியின் மின்தடை. ‘அப்படியானால் தடை குறைந்த நல்ல தாமிரக் கம்பியாகப் போட்டால் இழப்பு குறையுமே?’ என்று கேட்கத் தோன்றும். குறையாது. இதுதான் இந்தக் கணக்கின் மிக அழகான இடம்.

இரண்டு மின்தேக்கிகளுக்கும் நடுவே 100 ஓம் மின்தடை ஒன்றைப் போடுவோம். சுவிட்சைத் தள்ளிய கணத்தில் ஒரு பக்கம் 10 வோல்ட், மறுபக்கம் சுழியம், மின்னோட்டம் 0.1 ஆம்பியர். மின்தடையில் வெப்பமாகும் வீதம் 1 வாட். மின்னூட்டம் நகர நகர இந்த வீதம் வேகமாகக் குறைந்துகொண்டே வரும். எவ்வளவு வேகமாக என்பதை மின்தடையும், இரண்டு மின்தேக்கிகளின் தொடரிணைப்பு மதிப்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒன்றிலிருந்து வெளியேறும் மின்னூட்டம் அப்படியே மற்றதில் நுழைவதால், நகரும் மின்னூட்டத்தின் பார்வையில் இவை தொடரிணைப்பில் உள்ளவை. 2ஐயும் 8ஐயும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் 1.6 மைக்ரோஃபாரட். அதை 100 ஓமால் பெருக்கினால் 160 மைக்ரோவினாடி. இதுதான் நேர மாறிலி. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது இரண்டு மடங்கு வேகத்தில் சரியும். மொத்த வெப்பம், தொடக்க வீதத்தை நேர மாறிலியின் பாதியால் பெருக்கினால் கிடைப்பது: 1 வாட் × 80 மைக்ரோவினாடி = 80 மைக்ரோஜூல்.

இப்போது 100 ஓமை எடுத்துவிட்டு 1 ஓம் போடுங்கள். மின்னோட்டம் 10 ஆம்பியர், வெப்பமாகும் வீதம் 100 வாட். ஆனால் நேர மாறிலி 1.6 மைக்ரோவினாடியாகச் சுருங்கிவிட்டது. 100ஐ 0.8ஆல் பெருக்கினால் மறுபடியும் 80 மைக்ரோஜூல். தடை குறைந்தால் வேகம் கூடும்; வேகம் கூடினால் நேரம் குறையும். பெருக்குத்தொகை அசையாது. வினாத்தாளில் மின்தடையைக் குறிப்பிடாமலேயே இழப்பைக் கேட்க முடிவதற்குக் காரணம் இதுதான்.

மின்தடையே சுழியம் என்று எடுத்துக்கொண்டால்? அப்போது இந்தக் கணக்கு தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. கம்பி வளையம் எதுவானாலும் அதற்குக் கொஞ்சம் மின்தூண்டல் இருக்கும். உராய்வே இல்லாத குழாயில் தண்ணீர் இரு தொட்டிகளுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருப்பதைப் போல, மின்னூட்டமும் இங்குமங்கும் அலையும். 2 வோல்ட் என்ற நிலையில் வந்து நிற்காது. அலையும் மின்னூட்டம் மின்காந்த அலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலை வெளியே அனுப்பும். எல்லாம் அடங்கி 2 வோல்ட்டில் நின்றுவிட்டது என்று சொன்னால், எந்த வழியிலோ 80 மைக்ரோஜூல் வெளியே போய்விட்டது என்றே பொருள். சுவிட்சின் முனைகள் தொடும்போது தெறிக்கும் பொறியும் அந்தக் கணக்கில் ஒரு பகுதி. பெரிய மின்தேக்கியின் இரண்டு முனைகளையும் திருப்புளியால் தொட்டுக் காலியாக்கும்போது ‘டப்’ என்று கேட்பதும் இதே இனம்தான். (தொலைக்காட்சி, இன்வெர்ட்டர் போன்றவற்றில் இதை யாரும் செய்துபார்க்க வேண்டாம், திருப்புளியின் நுனி உருகும் அளவுக்கு ஆற்றல் இருக்கலாம். தகுந்த மின்தடை வழியாக மெதுவாக இறக்குவதே முறை.)

மேலே ஒரு இடத்தில் பக்க இணைப்பு என்றும் இன்னொரு இடத்தில் தொடரிணைப்பு என்றும் சொன்னேன். படத்தைப் பார்த்துக் குழம்பும் இடம் இது. இரண்டு மின்தேக்கிகள் ஒரே வளையத்தில் வரிசையாக நிற்பதைப் பார்க்கும் மாணவர், தொடரிணைப்பு என்று முடிவுசெய்து 1.6 மைக்ரோஃபாரட்டை இறுதி ஆற்றலுக்குப் பயன்படுத்திவிடுவார். 20 மைக்ரோகூலுமை 1.6ஆல் வகுத்தால் 12.5 வோல்ட், ஆற்றல் 125 மைக்ரோஜூல் என்று வரும். பேட்டரி இல்லாமலேயே 100 என்பது 125 ஆகிவிட்டது! இப்படி வந்தால் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அந்த எண்ணே சொல்கிறது. இறுதி நிலையில் இரண்டின் முனைகளும் அதே இரண்டு புள்ளிகளில் சேர்ந்திருக்கின்றன, மின்னழுத்தம் பொது. ஆகவே பக்க இணைப்பு, 10 மைக்ரோஃபாரட். 1.6 என்பது தவறான எண் அல்ல, வேறொரு கேள்விக்கு உரியது. தொடக்க மின்னழுத்த வேறுபாடான 10 வோல்ட்டோடு சேர்த்து ½ × 1.6 × 100 என்று போட்டால் வருவது 80. நேராக இழப்பே கிடைத்துவிடுகிறது.

படத்தை நம்பி ஏமாறுவதற்கு இன்னும் அப்பட்டமான எடுத்துக்காட்டு, மூன்று மின்தேக்கிகள் ஒரே கோட்டில் நிற்கும் படம். இடப்பக்க முனை P, முதல் இரண்டுக்கும் நடுவே Q, அடுத்த இரண்டுக்கும் நடுவே R, வலப்பக்க முனை S. மேலே வளைந்துபோகும் ஒரு கம்பி P-யையும் R-ஐயும் இணைக்கிறது. கீழே வளைந்துபோகும் இன்னொன்று Q-வையும் S-ஐயும் இணைக்கிறது. பேட்டரி P-க்கும் S-க்கும் இடையே. கண்ணுக்கு இது தொடரிணைப்பு. ஆனால் வெறும் கம்பியால் இணைந்த இரண்டு புள்ளிகள் மின்சாரத்துக்கு ஒரே புள்ளி. R என்று எழுதிய இடத்தில் P என்றும், Q என்று எழுதிய இடத்தில் S என்றும் பென்சிலால் திருத்தி எழுதிப் பாருங்கள். முதல் மின்தேக்கி P-க்கும் S-க்கும் இடையே, இரண்டாவது S-க்கும் P-க்கும் இடையே, மூன்றாவதும் அப்படியே. மூன்றும் பக்க இணைப்பு. மொத்தம் 3C. விடைகளில் C/3 நிச்சயம் இருக்கும். ஆற்றலைக் கேட்டால் இரண்டுக்கும் ஒன்பது மடங்கு வித்தியாசம்.

விடைகளை இப்படித் தவறுகளிலிருந்தே செதுக்குவதில் எனக்குத் தெரிந்த மிகக் கச்சிதமான கேள்வி 1995ஆம் ஆண்டு ஐஐடி நுழைவுத் தேர்வில் வந்தது. C அளவுள்ள மின்தேக்கி V வோல்ட்டுக்கும், 2C அளவுள்ளது 2V வோல்ட்டுக்கும் மின்னேற்றப்படுகின்றன. பேட்டரிகளை நீக்கிவிட்டு, ஒன்றின் நேர்முனை மற்றதன் எதிர்முனையோடு சேரும்படி இணைக்கிறார்கள். இறுதி ஆற்றல் என்ன? விடைகள்: 0, 3CV²/2, 25CV²/6, 9CV²/2.

முதல் மின்தேக்கியில் CV, இரண்டாவதில் 4CV மின்னூட்டம். தலைகீழாகச் சேர்வதால் கழித்துக்கொள்கின்றன, மிச்சம் 3CV. மொத்தத் திறன் 3C. ஆகவே மின்னழுத்தம் V, ஆற்றல் 3CV²/2. இதுதான் விடை. தலைகீழ் இணைப்பைக் கவனிக்காமல் மின்னூட்டங்களைக் கூட்டிவிட்டால் 5CV; மின்னழுத்தம் 5V/3; ஆற்றல் துல்லியமாக 25CV²/6. இழப்பு எதுவும் இல்லை என்று இரண்டு தொடக்க ஆற்றல்களையும் கூட்டினால் CV²/2 + 4CV² = 9CV²/2. நேர்முனையும் எதிர்முனையும் சேர்ந்தால் எல்லாம் ரத்து என்று நினைத்தால் 0. 25/6 போன்ற ஒரு விசித்திரமான பின்னம் தற்செயலாக வராது. அதைத் தன் தாளில் கண்டெடுத்து விடைகளிலும் பார்க்கிற மாணவருக்கு, தான் சரியான பாதையில்தான் வந்திருக்கிறோம் என்ற உறுதி பிறந்துவிடும். கேள்வியைத் தயாரித்தவரும் அந்தப் பாதையில் ஒருமுறை நடந்துபோய்தான் அந்த எண்ணை எடுத்துவந்திருக்கிறார்.

இங்கே தொட்டி உவமை கைகொடுக்காது. எதிர்மறைத் தண்ணீர் என்று ஒன்று கிடையாது. ஆனால் இழப்பு வாய்பாடு கைகொடுக்கும்: ½ × C₁C₂/(C₁+C₂) × (மின்னழுத்த வேறுபாடு)². தொடரிணைப்பு மதிப்பு 2C/3. தலைகீழாக இணைத்தால் வேறுபாடு 2V − V அல்ல, 2V + V, அதாவது 3V. அதன் வர்க்கம் 9V². இழப்பு ½ × 2C/3 × 9V² = 3CV². தொடக்கத்தில் இருந்த 9CV²/2-இல் இதைக் கழித்தால் 3CV²/2. வேறு வழியில் வந்தும் அதே விடை. நேராக இணைத்திருந்தால் வேறுபாடு வெறும் V, இழப்பு CV²/3 மட்டுமே.

இழப்பு வேறுபாட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதில் நடைமுறைக்குப் பயன்படும் ஒரு வழி ஒளிந்திருக்கிறது. 2 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைப் பேட்டரியிலிருந்து நேராக 10 வோல்ட்டுக்கு ஏற்றும்போதே இழப்பு உண்டு: பேட்டரி கொடுப்பது 20 × 10 = 200 மைக்ரோஜூல், சேர்வது 100. மற்ற நூறு வழியிலேயே வெப்பமாகிவிடும், கம்பி எதுவானாலும். அதையே முதலில் 5 வோல்ட் பேட்டரியில் ஏற்றி, பிறகு 10 வோல்ட் பேட்டரிக்கு மாற்றினால், ஒவ்வொரு படியிலும் வேறுபாடு 5 வோல்ட்தான். ஒரு படிக்கு ½ × 2 × 25 = 25 மைக்ரோஜூல்; இரண்டு படிக்கும் 50. இழப்பு பாதியாகிவிட்டது, சேர்ந்த ஆற்றலோ அதே நூறு. பத்துப் படிகளில், ஒவ்வொரு வோல்ட்டாக ஏற்றினால் இழப்பு 10 மைக்ரோஜூல். மின்சாரம் மிகக் குறைவாகச் செலவாக வேண்டிய சிப்புகளை வடிவமைப்பவர்கள் இந்த வழியை ஆராய்ந்திருக்கிறார்கள். படி கூடக்கூட நேரமும் சுவிட்சுகளும் கூடும் என்பதுதான் அதற்கு அவர்கள் தரும் விலை.